விகிதத்தைப் பார்க்காதீர்கள், இதரநுகத்தைப் பாருங்கள்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் பயிலும் மாணவர் பலர், 1:2:1 என்ற விகிதத்தைக் கண்டதும் நிறைவில் ஆட்சி என்று எழுதிவிடுகின்றனர். ஆனால் இணையாட்சியும் அதே விகிதத்தையே தரும்.

அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்புப் பூக்கள் கிடைக்கின்றன. ஒரேயொரு சிவப்பு எதிருரு உண்டாக்கும் நிறப்பொருள் முழுச் சிவப்புக்குப் போதாமையால், இரண்டுக்கும் இடைப்பட்ட நிறம் தோன்றுகிறது. இந்த இளஞ்சிவப்புச் செடிகளைத் தம்முள் கலந்தால் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை ஆகியன 1:2:1 என வரும்.

பெற்றோர் இருவரும் AB குருதியினராயின், பிள்ளைகளில் A, AB, B ஆகியன எதிர்பார்க்கப்படும் விகிதமும் 1:2:1 ஆகும். எனினும் AB என்பது இடைப்பட்ட வகையன்று. அக்குருதித் துளியொன்றில் A எதிர்ச்சீரத்தையும் மற்றொன்றில் B எதிர்ச்சீரத்தையும் சேர்த்தால், இரண்டிலும் செங்குழியங்கள் திரளும். செங்குழியங்களின் மேற்பரப்பில் A, B ஆகிய இரு உடலெதிரியாக்கிகளும் உள்ளன என்பதற்கு இது சான்று. ஆகவே, இதரநுகத்தில் இரு விளைவுகளும் தனித்தனியே தென்படுகின்றனவா என்றே முதலில் கேளுங்கள்.

இந்த இணையாட்சி Aக்கும் Bக்கும் இடையில் மட்டுமே உண்டு. O எதிருரு இரண்டுக்கும் பின்னிடைவானது. வீட்டு முற்றத்து அந்திமந்தாரையில் காணப்படும் சிவப்பு வெள்ளைக் கோடுகளையும் இணையாட்சிக்கு உதாரணமாகக் காட்டாதீர்கள். அவை இடம்மாறும் பரம்பரை அலகுகளால் ஏற்படுபவை.