கறுத்த நகத்துக்குப் பெரிய காலணி மருந்தாகாது: ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுந்தூரம் ஓடுபவர்களில் பலர், கால்விரல் நகம் கறுத்தவுடன் காலணி சிறியதாக இருக்கிறது என்று முடிவுகட்டி, ஓர் அளவு பெரிய காலணியை வாங்கிவிடுகிறார்கள். காலணி உண்மையிலேயே குட்டையாக இருந்தால் அது பயன் தரும். ஆனால் பாதம் காலணிக்குள் முன்னும் பின்னும் வழுக்குவதுதான் காரணம் என்றால், பெரிய காலணி அந்த வழுக்கலுக்கு இன்னும் இடம்கொடுத்து, நகத்தோடு குதிகாலையும் புண்ணாக்கிவிடும்.

கொப்புளம் என்பது தோலின் மேற்பரப்பு தேய்வதால் மட்டும் வருவதன்று. ஒவ்வோர் அடியிலும் பாதத்தின் எலும்பு முன்னும் பின்னும் நகரும்போது, வியர்வையால் ஈரமான தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேல்தோல், ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு உள்ளுக்குள்ளேயே கிழிந்து, அந்தப் பிளவில் நீர் கோத்துக்கொள்கிறது. நகம் கறுப்பதும் இதே நகர்வின் விளைவுதான்: முன்னே சறுக்கும் பாதத்தின் விரல்நுனி காலணியின் முகப்பில் மோத, நகம் அதன் படுகையிலிருந்து சிறிது சிறிதாக நெம்பப்படுகிறது, அடியிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் உடைந்து, வெளியேற வழியில்லாத இரத்தம் கறுப்பாகத் தெரிகிறது. பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இரண்டாம் விரல்தான் அடிபடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சரிவான பாதையில் நீண்ட தூரம் இறங்கி ஓடிய ஒருவருக்கு இரண்டாம் விரல் நகம் கறுத்துவிடுகிறது. அவர் ஓர் அளவு பெரிய காலணிக்கு மாறுகிறார். அடுத்த நீண்ட ஓட்டத்தில் நகம் மறுபடியும் வலிப்பதோடு, குதிகாலின் பின்புறம் கொப்புளமும் எழுகிறது. பழைய காலணியின் உட்தகட்டை வெளியே எடுத்து, ஓடும்போது அணியும் காலுறையுடன் அதன்மேல் எழுந்து நின்று பார்த்தால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, இடம் இருக்கிறது. அப்படியானால் நீளத்தில் குறையில்லை. நாடாவைக் கட்டியபின் நடக்கும்போது குதிகால் மேலெழும்புகிறதா என்று கவனித்தால், அது தாராளமாக எழும்புகிறது. நாடாவை அவிழ்க்காமலே காலணியைக் கழற்றவும் முடிகிறது. குற்றவாளி அளவன்று, தளர்வான கட்டுதான்.

இதற்குத் தீர்வு, பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் கடைசித் துளையில் இருக்கிறது. இருபுறமும் நாடாவை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் செலுத்திச் சிறு வளையம் ஆக்கி, நாடாவின் முனைகளை எதிர்ப்புற வளையங்களுக்குள் நுழைத்து, குதிகாலைக் காலணியின் பின்புறத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு இழுத்துக் கட்ட வேண்டும். கணுக்கால் பகுதி இறுகிப் பாதம் பின்னால் நிற்கும். விரல்கள் இருக்கும் பகுதியை இறுக்கத் தேவையில்லை. இறங்குமுகப் பாதைக்கு முன் இந்தக் கட்டை ஒருமுறை சரிபார்ப்பது, எந்தக் களிம்பையும்விட நகத்துக்கு நல்லது என்பது என் கருத்து. நகத்தை நேராகவும் குட்டையாகவும் வெட்டி வைப்பதும் அவசியம். காலணியை மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, பெரிய பாதத்துக்கு ஏற்ப வாங்க வேண்டும்.

காலுறையில் நடக்கும் தவறு பருத்தியைத் தேர்ந்தெடுப்பது. அது வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்வதால், தோல் காலுறையோடு இன்னும் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. செயற்கை இழையோ மெல்லிய கம்பளி கலந்த இழையோ மேலானது. பெட்ரோலியம் ஜெல்லி பூசுவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: அது தொடக்கத்தில் உராய்வைக் குறைத்தாலும், நேரம் செல்லச் செல்ல அதன் பயன் தேய்ந்து, சில மணி நேரத்தில் உராய்வு கூடவும் கூடும். ஆகவே நீண்ட ஓட்டங்களில் இடையில் மறுபடி பூச வேண்டியிருக்கும்.

கொப்புளம் வந்துவிட்டால் அதன் மேல்தோலை உரித்தெடுப்பது பெருந்தவறு, ஏனென்றால் அந்தத் தோலே புண்ணுக்கு இயற்கையான கட்டு. சிறியதை அப்படியே மூடி வைக்கலாம். வலிக்கும் பெரிய கொப்புளமாயின், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே படியவிட்டு மூட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும், பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் இதைத் தாமே செய்யாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சீழோ பரவும் சிவப்போ தெரிந்தால் யாராக இருந்தாலும் செல்ல வேண்டும்.

கறுத்த நகத்தையும் பிடுங்கக் கூடாது. விண்விண்ணென்று தெறிக்கும் வலி இருந்தால், முதல் ஓரிரு நாட்களுக்குள் மருத்துவர் நகத்தில் சிறு துளையிட்டு இரத்தத்தை வெளியேற்றுவார். வலியில்லையென்றால் விட்டுவிடலாம், பெருவிரல் நகம் முழுதாகப் புதுப்பிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இரத்தக்கறை நகத்தோடு சேர்ந்து மெல்ல முன்னே நகரும். அப்படி நகராத கறையோ, அடிபடாமலே தோன்றிய கருங்கோடோ, நகத்தைச் சுற்றிய தோலிலும் பரவும் கருமையோ இருந்தால், அது ஒருவகைத் தோல்புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஓட்டத்தின் மீது பழிபோட்டுக் காத்திராமல் தோல்நோய் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.