ஆண்டு யூனிட் கணக்கில் மைனஸை அழிக்காதீர்கள்

நான் கணக்கு பார்க்கும் வளாகத்தில் எட்டுக் கடைகள். மொத்தத்துக்கும் ஒரே மின் இணைப்பு, கடைக்குக் கடை சப் மீட்டர். மாதம் முதல் தேதி ரீடிங் எடுப்போம். கடைக்காரர்கள் மாதாமாதம் ஒரு தொகையை முன்பணமாகக் கொடுப்பார்கள். ஏப்ரலில் ஆண்டு முழுவதும் ஓடிய யூனிட்டைக் கூட்டி நேர் செய்வோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்த தம்பி போன மாதம் தன் தாளைக் காட்டினான். ஒரு மாதத்துக்கு நேரே யூனிட் 0 என்று இருந்தது. தினமும் திறந்திருந்த கடை அது. “எப்படி தம்பி பூஜ்யம் வந்தது?” என்றேன். “மைனஸ் வந்துச்சு சார், கரன்ட் மைனஸ்ல ஓடாதுல்ல, அதான் ஜீரோ போட்டுட்டேன்” என்றான். பல வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன். கூட்டல் தப்புவது, கடை மாற்றி எழுதுவது போன்றவை தானாகவே கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

## மைனஸைப் பூஜ்யமாக்குவது

ஒரு தையல் கடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 அன்று ரீடிங் 41,260. மே 1 அன்று 41,585. கழித்தால் ஏப்ரலுக்கு 325 யூனிட். இப்படியே பன்னிரண்டு மாதமும் போய், அடுத்த ஏப்ரல் 1 அன்று ரீடிங் 44,957.

பன்னிரண்டு வித்தியாசங்களையும் கூட்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மே 1 ரீடிங் ஏப்ரல் கணக்கில் கூட்டலாக வருகிறது, மே கணக்கில் கழித்தலாக வருகிறது. ஜூன் 1 ரீடிங்கும் அப்படித்தான். நடுவில் இருக்கிற பதினோரு ரீடிங்கும் ஒருமுறை கூடி, ஒருமுறை கழிந்து மறைந்துவிடுகின்றன. கடைசியில் மிஞ்சுவது இரண்டே எண்கள்: முடிவு ரீடிங், தொடக்க ரீடிங். 44,957-இல் 41,260 போனால் 3,697 யூனிட். பன்னிரண்டையும் தனித்தனியாகக் கூட்டினாலும் இதே 3,697தான் வர வேண்டும்.

இப்போது தவறு நுழையும் இடம். செப்டம்பர் 1 ரீடிங் 42,847. அக்டோபர் 1 அன்று மீட்டரில் இருந்தது 43,158. பழைய சக்கர மீட்டரில் ஆயிரம் இடத்துச் சக்கரம் அப்போதுதான் 2-இலிருந்து 3-க்குத் திரும்பியிருக்கும். மங்கிய வெளிச்சத்தில் பார்த்தவர் 42,158 என்று எழுதிவிட்டார். செப்டம்பர் மாத யூனிட் மைனஸ் 689 என்று வந்தது. நவம்பர் 1 ரீடிங் சரியாக 43,461 என்று எடுக்கப்பட்டதால், அக்டோபர் மாத யூனிட் 1,303 ஆனது.

இரண்டையும் அப்படியே விட்டிருந்தால் ஒரு சேதமும் இல்லை. மைனஸ் 689-ஐயும் 1,303-ஐயும் கூட்டினால் 614. உண்மையான கணக்கில் செப்டம்பருக்கு 311, அக்டோபருக்கு 303. அதுவும் 614தான். நடுவில் தவறாகப் படித்த ரீடிங் எவ்வளவு கோணலாக இருந்தாலும், ஒரு மாதத்தில் குறைத்ததை அடுத்த மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

மைனஸ் 689 இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டால் என்ன ஆகும்? 1,303 அப்படியே நிற்கிறது. குறைந்தது அழிந்துவிட்டது, கூடியது மட்டும் கணக்கில் இருக்கிறது. ஆண்டு மொத்தம் 4,386 ஆகிவிடுகிறது. மீட்டர் ஓடாத 689 யூனிட் கடைக்காரர் தலையில் விழுகிறது.

யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று பேசியிருந்தோம். கடைக்காரர் மாதம் 2,400 ரூபாய் வீதம் 28,800 ரூபாய் முன்பணமாகக் கொடுத்திருந்தார். 3,697 யூனிட்டுக்கு 29,576 ரூபாய், ஆகவே பாக்கி 776 ரூபாய். நான் பூஜ்யம் போட்டுவிட்டுக் கேட்டதோ 6,288 ரூபாய். அவர் பேசாமல் கடைக்குள் போய், பாக்கியைக் கட்டிவிட்டார். அடுத்த வருஷம் வேறு ஒரு காரணத்துக்காகப் பழைய தாளைப் புரட்டியபோதுதான் பூஜ்யம் கண்ணில் பட்டது. 5,512 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ரீடிங் எடுக்கும்போது மீட்டர் பக்கத்தில் வந்து நிற்பார். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ரீடிங்கைக் கூட்டிப் படித்தாலும் இதே கதைதான். 43,158-ஐ 44,158 என்று எழுதினால் செப்டம்பர் 1,311 யூனிட் என்று ஊதிவிடும், அக்டோபர் மைனஸ் 697 ஆகும். அந்த மைனஸைப் பூஜ்யமாக்கினால் மறுபடியும் மொத்தம் ஏறத்தான் செய்யும். இந்தத் தவறு எந்தப் பக்கம் போனாலும் பணம் கட்டுகிறவருக்கு எதிராகவே முடிகிறது.

இப்போது இதைக் கையால் செய்ய வேண்டியதுகூட இல்லை. எங்கோ பார்த்து எடுத்த சூத்திரத்தை எக்ஸெல்லில் இப்படிப் போட்டுவிடுகிறார்கள்:

```
=MAX(0,B8-B7)
```

மைனஸ் வந்தால் தானே பூஜ்யமாகிவிடும். தாள் சுத்தமாக இருக்கும், தவறு நடந்ததே தெரியாது. எனக்கு இதைப் பார்த்தால் கோபம் வருகிறது, ஏனென்றால் மைனஸ்தான் “இந்த ரீடிங்கைத் திரும்பிப் பார்” என்று நம்மைக் கூப்பிடுகிற ஒரே குரல். வெறும் கழித்தல் போதும். B2-இல் தொடக்க ஏப்ரல் ரீடிங், B14-இல் முடிவு ஏப்ரல் ரீடிங், C3 முதல் C14 வரை மாத வித்தியாசங்கள் என்று வைத்துக்கொண்டால், தாளின் அடியில் இந்த ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்:

```
=SUM(C3:C14)-(B14-B2)
```

இதற்கு விடை 0 வர வேண்டும். வராவிட்டால் யாரோ ஒரு வித்தியாசத்தைக் கையால் தொட்டிருக்கிறார்கள். அந்தத் தையல் கடைத் தாளில் இதைப் போட்டிருந்தால் 689 என்று அப்போதே காட்டியிருக்கும்.

தவறான ரீடிங்கைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். ஆனால் ரீடிங் இருக்கிற கட்டத்தில் திருத்துங்கள். 42,158-ஐ 43,158 ஆக்கினால் இரண்டு மாதங்களும் ஒரே நேரத்தில் சரியாகும். வித்தியாசக் கட்டத்தைத் தொட்டால் ஒரு மாதம்தான் மாறும், அதன் ஜோடி மாறாது.

## இரண்டு முனைகளை அலட்சியமாக எடுப்பது

நடுவில் உள்ளவை மறைந்துவிடும் என்றால், மறையாதவை தொடக்கமும் முடிவும். அந்த இரண்டு நாளும் மட்டும் இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள், மீட்டர் எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். முடிவு ரீடிங்கில் வரும் பிழை இந்த வருஷத்தை மட்டும் கெடுக்காது, அடுத்த வருஷத்தின் தொடக்கமும் அதுதான்.

## எல்லா மைனஸையும் படித்த பிழை என்று நினைப்பது

மைனஸை அப்படியே விடு என்று நான் சொல்வது, தவறாகப் படித்ததால் வந்த மைனஸுக்கு மட்டும். அதை அடையாளம் காண அடுத்த மாதத்தையோ முந்தைய மாதத்தையோ பாருங்கள். மைனஸ் மாதம் வழக்கமான 300-ஐவிட எவ்வளவு குறைந்ததோ, ஏறக்குறைய அதே அளவு இது 300-ஐத் தாண்டி எகிறியிருந்தால் படித்தது பிழை. அப்படி எகிறாமல், ரீடிங் கீழே விழுந்து கீழேயே தொடர்ந்தால் வேறு காரணம்.

ஒன்று, மீட்டர் சுற்றி வந்திருக்கும். ஐந்து இலக்க மீட்டர் 99,999-க்குப் பிறகு 00000-க்குப் போகும். முந்தைய ரீடிங் 99,870, இந்த மாதம் 00,165 என்றால், 1,00,165-இலிருந்து 99,870-ஐக் கழிக்க வேண்டும், 295 யூனிட். அந்த ஒரு மாதத்தில் 1,00,000 கூட்டினால் போதும். அடியில் இருக்கும் சரிபார்ப்பு வரி அந்த வருஷம் 1,00,000 என்று காட்டும், அதுதான் சரி.

இன்னொன்று, மீட்டரை மாற்றியிருப்பார்கள். இங்கே முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிக்கும் குறுக்குவழி செல்லாது, ஏனென்றால் இரண்டு எண்களும் வெவ்வேறு மீட்டரைச் சேர்ந்தவை. வருஷத்தை இரண்டு துண்டாக்குங்கள். பழைய மீட்டர் ஏப்ரல் 1 அன்று 6,120, கழற்றிய அன்று 7,842 என்றால் 1,722 யூனிட். புதிய மீட்டர் மாட்டிய அன்று 3, வருஷ முடிவில் 1,518 என்றால் 1,515 யூனிட். மொத்தம் 3,237. புதிய மீட்டர் எப்போதும் 0-வில் தொடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள், சோதனை ஓட்டத்தில் சில யூனிட் ஏறியிருக்கலாம். சப் மீட்டர் என்றால் வேறு கடையில் ஓடிய பழையதைக்கூட மாட்டியிருப்பார்கள், அப்போது ஆயிரக்கணக்கில் இருக்கும். கழற்றுகிற எலக்ட்ரீஷியனிடம் முன்பே சொல்லி வையுங்கள். பழைய மீட்டரின் கடைசி ரீடிங் எழுதப்படாமல் அது பழைய இரும்புக்குப் போய்விட்டால், அந்த மாதத்துக்கு அனுமானம்தான் கதி.

## ஒரு மாதம் ரீடிங் எடுக்காமல் விட்டால் பதறுவது

அந்த வரிசையையே எடுத்துவிட்டு, அடுத்த ரீடிங்கிலிருந்து முந்தைய ரீடிங்கைக் கழிக்கிற மாதிரி சூத்திரத்தை மாற்றுங்கள், மொத்தம் மாறாது. கட்டத்தைக் காலியாக விட்டால் எக்ஸெல் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் மைனஸ் 42,847 என்றும் அடுத்த மாதம் 43,461 என்றும் காட்டும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் கூட்டினால் சரியான 614தான். ஆனால் அந்த MAX சூத்திரம் இருக்கும் தாளில் இதுவே 43,461 யூனிட்டாக மொத்தத்தில் ஏறிவிடும்.

## பன்னிரண்டு ரீடிங் போதும் என்று நினைப்பது

பன்னிரண்டு மாதத்துக்குப் பதின்மூன்று ரீடிங் வேண்டும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 1 வரை எடுத்தால் பதினோரு மாதம்தான்.

## சிவப்பு எண்

சக்கர மீட்டரில் கடைசியில் சிவப்பாக இருப்பது தசமம். யூனிட் இல்லை.

## டிஜிட்டல் மீட்டரில் முதலில் தெரிந்த எண்ணை எழுதுவது

திரை மாறிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ், லோடு எல்லாம் வரும். பக்கத்தில் kWh என்று இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். சில மீட்டரில் kVAh என்றும் ஒன்று வரும், அது வேறு.

## ஆண்டு மொத்தத்தை வைத்து வீட்டு பில்லைக் கணக்கிடுவது

எங்கள் கடைகளில் யூனிட்டுக்கு ஒரே விலை, அதனால் ஆண்டு மொத்தம் சரியாக இருந்தால் பணமும் சரியாக இருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும். அங்கே நடுவில் தவறாகப் படித்த ஒரு ரீடிங் யூனிட் மொத்தத்தில் மறைந்துவிட்டாலும் பணத்தில் மறையாது. ஒரு பில்லில் குறைந்த யூனிட் மலிவான படியில் குறைந்திருக்கும், அடுத்த பில்லில் கூடிய யூனிட் விலை உயர்ந்த படியில் ஏறியிருக்கும். அதனால் வீட்டு மீட்டரில் சந்தேகமான ரீடிங் வந்தால் ஏப்ரல் வரை காத்திருக்காமல், அடுத்த ரீடிங்குக்கு முன்பே போட்டோவுடன் மின் அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.