நண்டு வலை இழுக்கிற மிஷினுக்கு பேடன்ட் கிளைம் எழுதுறது எப்படி: முதல் கிளைமை எவ்ளோ அகலமா வைக்கலாம்

பாக் ஜலசந்தி பக்கம் நாட்டுப்படகுல நண்டு வலைக்குப் போறவங்களுக்கு இது தெரியும், வலை அடியில பார்ல, அதாவது கடலடிப் பாறையில, மாட்டிக்கிச்சுன்னா கையால இழுக்கிறவன் உடனே கயித்தைத் தளர்த்திடுவான், ஆனா மிஷினுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு இழுத்து வலையைக் கிழிச்சிடும். மண்டபத்துல லேத் வச்சிருக்கிற எங்க மச்சான் இதுக்குத்தான் ஒரு மிஷின் செஞ்சாரு. நான் பேடன்ட் டிராஃப்டிங் வேலை பார்க்கிறவன், அதனால கிளைம் எழுதுற வேலை என்கிட்ட வந்துச்சு. அதை எழுதுன வரிசையிலேயே இங்க சொல்றேன், முதல் தடவை எழுதுறவங்க கூடவே எழுதிப் பார்க்கலாம்.

முதல்ல மிஷின் எப்படின்னு சொல்லிடுறேன். எதிரெதிரா ரெண்டு வட்டத் தட்டு, நடுவுல V மாதிரி பள்ளம், வலை அதுல கடிபட்டு மேல வரும். இந்த ரெண்டு தட்டும் ஒரு கைமேல இருக்கு, அந்தக் கை அடித்தளத்துல கீல் மாதிரி ஆடும், ஒரு ஸ்பிரிங் அதை நிமிர்த்திப் பிடிச்சிருக்கு. வலை பார்ல மாட்டி இழுவை ஏறுச்சுன்னா கை கடல் பக்கம் சாயும், சாயும்போது ஒரு தட்டோட தண்டு அடித்தளத்துல இருக்கிற சரிவான கேம்மேல ஏறி அந்தத் தட்டை விலக்கும், பள்ளம் அகலும், வலை நழுவும். இழுவை குறைஞ்சா கை நிமிரும், தட்டு திரும்ப நெருங்கும்.

ஸ்டெப் 1: கிளைம் எழுதுறதுக்கு முன்னாடி தேடுங்க

கிளைம்ங்கிறது பேடன்ட்ல எது நமக்குச் சொந்தம்னு சொல்ற வாக்கியம், நம்ம நிலத்துக்கு வேலி போடுற மாதிரி. அடுத்தவன் நிலம் எங்க முடியுதுன்னு தெரியாம கல் ஊன முடியாது. ஏற்கனவே உலகத்துல எங்கயாவது வெளியானதை பிரையர் ஆர்ட்னு சொல்லுவாங்க, அது இந்தியாவுல பேடன்ட் ஆகியிருக்கணும்னு அவசியமே இல்ல, வேற நாட்டு டாக்குமென்ட்டும் கணக்குதான்.

எஸ்பாஸ்நெட், கூகுள் பேடன்ட்ஸ், நம்ம பேடன்ட் ஆபீஸோட இன்பாஸ், மூணும் இலவசம். வார்த்தையை மட்டும் வச்சுத் தேடினா பாதி தவறிப்போகும், ஏன்னா ஒருத்தன் ஹாலர்ங்கிறான், இன்னொருத்தன் வின்ச்ங்கிறான், அதனால வகை எண்ணையும் சேர்த்துத் தேடுங்க. இழுவை வலை சம்பந்தப்பட்டது A01K 73, கயிறு சுத்துற வின்ச் வகையெல்லாம் B66D 1. வார்த்தைக்கு நான் இப்படி ஆரம்பிச்சேன்:

```
net hauler sheave gap tension release
```

எங்களுக்கு முக்கியமா மூணு விஷயம் கிடைச்சுது. ஒண்ணு, V பள்ளம் வச்ச வலை இழுப்பான், இது ரொம்பப் பழசு, 1950கள்லயே மரியோ புராட்டிச்ங்கிறவரு பவர் பிளாக்னு தொங்குற கப்பி மாதிரி ஒண்ணு கொண்டுவந்து பெரிய வலையை மிஷினால இழுக்க ஆரம்பிச்சிட்டாங்க. ரெண்டு, லோடு கூடினா நழுவுற கிளட்ச் வச்ச வின்ச். மூணு, அலையில படகு ஆடுறதுக்கு ஈடு கொடுக்க ஸ்பிரிங் கை வச்ச இழுப்பான். இதைப் பார்த்ததும் மச்சான் முகம் வாடிருச்சு, "அப்ப எல்லாமே இருக்கா மாப்ள"ன்னாரு. பார்ட் பார்ட்டா பார்த்தா எல்லாமே இருக்குதான், ஆனா கை சாயுறதால பிடி திறக்குறது அந்த மூணுலயும் இல்ல.

ஸ்டெப் 2: மிஷினை அப்படியே வர்ணிக்கிற கிளைமை எழுதிட்டு அடிச்சிடுங்க

மச்சான் சொன்னதை அப்படியே எழுதினா முதல் டிராஃப்ட் இப்படி வரும்: 12 வோல்ட் மோட்டார், 30 செ.மீ. விட்டத்துல ரெண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு, ரப்பர் பட்டை, ஒரு காயில் ஸ்பிரிங், ஒரு கேம். இதுக்கு பேடன்ட் கிடைக்கிறது சுலபம், ஆனா கிடைச்சும் பிரயோஜனம் இல்ல. ஏன்னா ஒருத்தன் நம்ம கிளைமை மீறிட்டான்னு சொல்லணும்னா கிளைம்ல இருக்கிற ஒவ்வொரு உறுப்பும் அவன் மிஷின்ல இருக்கணும், அதுதான் அடிப்படை விதி. அவன் ஸ்பிரிங்கை எடுத்துட்டு காஸ் ஸ்ட்ரட் வச்சான்னா வெளிய போயிடுவான், மோட்டாருக்கு பதிலா படகு எஞ்சின்லேருந்தே பெல்ட் எடுத்தாலும் அப்படித்தான்.

ஸ்டெப் 3: எதிர்ப்பக்கம் போய் ரொம்ப அகலமா ஒண்ணு எழுதுங்க

ரெண்டாவது டிராஃப்ட்: "வலை இழுக்கும் கருவி, இழுவை அளவு மீறும்போது அதைத் தணிக்கும் அமைப்பு கொண்டது." கேட்க நல்லா இருக்கு, ஆனா கிளட்ச் வின்ச்சும் இழுவையைத் தணிக்கத்தானே செய்யுது, அதை வலைக்குப் போட்ட ஒரே ஒரு டாக்குமென்ட் காட்டினா போதும், இந்த வாக்கியம் முழுசும் அதுல பொருந்திடும், புதுமையே இல்லன்னு போயிடும். இன்னொரு குறை, இது விளைவை மட்டும் சொல்லுது, எப்படின்னு சொல்லவே இல்ல. பேடன்ட் சட்டத்துல பிரிவு 10(5) கிளைம் தெளிவா சுருக்கமா இருக்கணும், கிளைமோட சேர்த்துக் கொடுக்கிற விளக்கத்துல சொன்னதை நியாயமா அடிப்படையா வச்சிருக்கணும்னு சொல்லுது. ஒரு கேம் மட்டும் காட்டிட்டு உலகத்துல இருக்கிற எல்லாத் தணிப்பும் எனக்குன்னு கேட்டா அங்க மாட்டும்.

ஸ்டெப் 4: வித்தியாசத்தை ஒரே வாக்கியத்துல சொல்லிப் பாருங்க

இதுக்குத்தான் நிறைய நேரம் கொடுக்கணும், நான் இதுக்கே ரெண்டு நாள் எடுத்துக்கிட்டேன். கிளட்ச் நழுவும்போது என்ன நடக்குது? சுத்துறது நிக்குது, ஆனா வலை பிடிக்குள்ளயேதான் இருக்கு, கிளட்ச் எந்த அளவுக்கு செட் பண்ணியிருக்கோ அந்த இழுவை வலைமேல நின்னுக்கிட்டே இருக்கு. அலை ஸ்பிரிங் கையில என்ன நடக்குது? கை ஆடுது, பிடி மாறல. நம்ம மிஷின்ல வலை தர்ற இழுவையே கையை சாய்க்குது, அந்த சாய்வே பிடியைத் திறக்குது. ஆக வித்தியாசம் கேம் இல்ல, ஸ்பிரிங் இல்ல, கையோட அசைவுக்கும் தட்டு இடைவெளிக்கும் நடுவுல இருக்கிற தொடர்பு.

இந்தத் தொடர்பை கிளைம்ல எழுதாம கை, தட்டு, ஸ்பிரிங்னு பட்டியல் மட்டும் போட்டா அது பார்ட்ஸ் லிஸ்ட். பிரிவு 3(f) தெரிஞ்ச கருவிகளை சும்மா பக்கத்துல பக்கத்துல அடுக்கி ஒவ்வொண்ணும் தனித்தனியா தன் வேலையைச் செஞ்சா அது கண்டுபிடிப்பே இல்லங்குது. எக்ஸாமினர் V பள்ளத்தையும் ஸ்பிரிங் கையையும் சேர்த்து வச்சு இது துறை தெரிஞ்சவனுக்கு யோசனையில வர்றதுதானேன்னு கேட்பாரு. அதுக்கு நம்ம பதில், ரெண்டையும் சேர்த்தாலும் பிடி திறக்காது, சேர்க்கிற அந்த இணைப்பை ரெண்டுமே சொல்லலைங்கிறதுதான். அந்த பதில் கிளைமுக்குள்ள வார்த்தையா இருக்கணும், விளக்கத்துல மட்டும் இருந்தா உதவாது.

ஸ்டெப் 5: இப்ப கிளைம் 1

நம்ம பேடன்ட் ஆபீஸ்ல இங்கிலீஷ்லயோ இந்தியிலயோதான் ஃபைல் பண்ண முடியும், ஆனா யோசனைக்கு தமிழ்ல எழுதிக்கிறது நல்லது:

"மீன்பிடி வலையைப் படகுக்கு இழுக்கும் கருவி, இது உள்ளடக்கியவை: படகில் பொருத்தக்கூடிய ஒரு அடித்தளம், அந்த அடித்தளத்தில் ஆடும்படி இணைத்த ஒரு கை, அந்தக் கையில் எதிரெதிராகத் தாங்கப்பட்டு, இடையில் வலையைப் பிடிக்கும் இடைவெளி விடும் இரு தட்டுகள், அவற்றில் ஒன்றையாவது சுழற்றும் ஒரு இயக்கி, அந்தக் கையை இழுக்கும் நிலையில் நிறுத்த விசை தரும் ஒரு உறுப்பு, அந்தக் கையின் ஆட்டத்தை அந்தத் தட்டுகளோடு தொடர்புபடுத்தும் ஒரு இணைப்பு, வலையின் இழுவை அந்த விசையை மீறிக் கையைச் சாய்க்கும்போது, அந்த இணைப்பு இடைவெளியை அகலமாக்கிப் பிடியைத் தளர்த்துகிறது."

இதுல மூணு விஷயம் கவனிங்க. "உள்ளடக்கியவை"ங்கிற இடத்துல இங்கிலீஷ்ல கம்ப்ரைசிங்னு போடணும், அப்பத்தான் அடுத்தவன் கூடுதலா ஒரு விளக்கு மாட்டினாலும் தப்ப முடியாது, கன்சிஸ்டிங் ஆஃப்னு போட்டா அதோட மூடிக்கும். ரெண்டாவது, முதல்ல "ஒரு கை", அப்புறம் எப்பவும் "அந்தக் கை", நடுவுல திடீர்னு "தாங்கி"ன்னு பேர் மாத்துனா எதைச் சொல்றீங்கன்னு ஆட்சேபணை வரும். மூணாவது, ஸ்பிரிங் விசை தரும் உறுப்பா மாறியிருக்கு, கேம் இணைப்பா மாறியிருக்கு. இப்படி அகலப்படுத்தினா விளக்கத்துல அதுக்கு ஆதாரம் வேணும், அதனால கேம் தவிர நெம்புகோல் வச்ச ஒரு மாதிரியும் வயர் இழுக்கிற ஒரு மாதிரியும், ஸ்பிரிங் தவிர காஸ் ஸ்ட்ரட்டும் ரப்பரும் விளக்கத்துலயும் படத்துலயும் சேர்த்தேன்.

ஸ்டெப் 6: பின்வாங்க இடம் வச்சுக்கோங்க

கிளைம் 1ஐ கவுக்கிற ஒரு டாக்குமென்ட் பின்னாடி வரலாம், அப்ப ஒதுங்குறதுக்குத்தான் சார்பு கிளைம்கள், அதாவது கிளைம் 1ஐ அப்படியே எடுத்துக்கிட்டு கூட ஒரு அம்சத்தைச் சேர்க்கிற கிளைம்கள். ஒவ்வொண்ணும் உண்மையிலேயே ஏதாவது பிரயோஜனம் தர்றதா இருக்கணும், தட்டு பெயின்ட் பண்ணினதுன்னு எழுதி எண்ணிக்கையைக் கூட்டாதீங்க. கிளைம் 2, இணைப்பு சரிவான கேம். கிளைம் 3, விசையைக் கூட்டிக் குறைக்க ஒரு நட். கிளைம் 4 கடல்ல ஓட்டிப் பார்த்தப்ப வந்தது: பிடி திறந்து மூடித் திறந்து மூடி கை படபடன்னு அடிச்சுது, அதனால மச்சான் ஒரு கொக்கி வச்சாரு, ஒரு தடவை திறந்தா ஆள் லீவரைத் தட்டுற வரைக்கும் திறந்தே நிக்கும். என்னோட கணிப்புல இதுதான் பலமான பின்வாங்கல், ஏன்னா இது ஒரு புதுப் பிரச்சினையோட தீர்வு.

இதையெல்லாம் ஃபைல் பண்றப்பவே வைக்கணும். பிரிவு 59 படி பிறகு திருத்தலாம், ஆனா திருத்துன கிளைம் பழைய கிளைமோட எல்லைக்குள்ளயே இருக்கணும், விளக்கத்துல இல்லாததைச் சேர்க்கவும் முடியாது. குறுக்கலாம், அகலப்படுத்த முடியாது. 10 கிளைம் வரைக்கும் கூடுதல் கட்டணம் இல்ல, அதுக்கு மேல தனிநபர் ஆன்லைன்ல போட்டா ஒண்ணுக்கு 320 ரூபாய், நாங்க 8ஓட நிறுத்திட்டோம்.

ஒரு முக்கியமான விஷயம், ஃபைல் பண்றதுக்கு முன்னாடி கடற்கரையில எல்லாருக்கும் ஓட்டிக் காட்டுறதும் வாட்ஸ்அப்ல வீடியோ போடுறதும் வேணாம், உங்க வீடியோவே உங்களுக்கு எதிரா பிரையர் ஆர்ட் ஆகும். அவசியமான சோதனைக்கு சட்டத்துல சின்ன சலுகை இருக்கு, அதை நம்பித் திட்டம் போடாதீங்க. அவசரம்னா முதல்ல புரொவிஷனல்ங்கிற தற்காலிக விண்ணப்பம் போட்டுட்டு 12 மாசத்துக்குள்ள முழு ஸ்பெசிஃபிகேஷன் கொடுக்கலாம்.

ஸ்டெப் 7: கிளைமை ஏமாத்திப் பாருங்க

கடைசியா கிளைம் 1ஐ மச்சான்கிட்ட கொடுத்து, இதை மீறாம இதே மிஷினைச் செய்ங்கன்னு சொன்னேன். அப்ப என்னோட டிராஃப்ட்ல "ஒரே அச்சில் இணையான இரு தட்டுகள்"னு இருந்துச்சு. அவரு ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள, "ஒரு தட்டை விலக்காம லேசா சாய்ச்சு விட்டுடுவேன், பள்ளம் ஒரு பக்கம் திறந்துக்கும், அப்ப இணையும் இல்ல ஒரே அச்சும் இல்ல"ன்னாரு. அந்த ரெண்டு வார்த்தையும் பிரையர் ஆர்ட்லேருந்து நம்மளைப் பிரிக்கிறதுக்கு உதவவும் இல்ல, சும்மா பழக்கத்துல விழுந்தது, அதனால எடுத்துட்டு "எதிரெதிராகத் தாங்கப்பட்டு"ன்னு மட்டும் வச்சேன், தட்டு சாயுற மாதிரியை நாலாவது படமா வரைஞ்சு விளக்கத்துல ஒரு பத்தி சேர்த்தோம், அதுக்கப்புறம்தான் ஃபைல் பண்ணினோம்.