ஆடிட்டருக்கு அனுப்பும் ஆவணங்கள்: அவர் தந்த எண்ணையே வையுங்கள்

மார்ச் 31 கணக்கு முடிந்ததும் ஆடிட்டர் ஒரு பட்டியல் அனுப்புவார். அதிலுள்ள எண்களை மாற்றாமல் அப்படியே கோப்புகளுக்கு வையுங்கள். நமக்கென்று புது வரிசை போட்டால், அவர் ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டிவரும்.

ஹட்டனில் தேயிலைத்தூள் பொதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 7ஆவது, ஊழியர் சேமலாப நிதி. மாதத்துக்கு ஒரு கோப்பு: சி படிவம், அதன் பின்னாலேயே பணம் கட்டிய பற்றுச்சீட்டு. மார்ச் கணக்காண்டின் 12ஆவது மாதம் என்பதால், அந்தக் கோப்பின் பெயர் `07-12_EPF_2025-03.pdf`. முன்னால் வரும் எண்ணை 07 என்று இரண்டு இலக்கத்தில் எழுதினால் கணினி ஒழுங்காக அடுக்கும்.

பலரும் தவறவிடுவது இந்த மார்ச் மாதத்தைத்தான். அந்தப் பணத்தை ஏப்ரல் முடிவதற்குள் கட்டலாம் என்பதால், பற்றுச்சீட்டு அடுத்த ஆண்டுக் கட்டுக்குள் போய்விடும். ஆனால் மார்ச் 31 அன்று அது கொடுக்கவேண்டிய கடன். கட்டியதற்கான அத்தாட்சியை ஆடிட்டர் கட்டாயம் கேட்பார், தேடி எடுத்து வையுங்கள்.

அப்புறம் சுட்டி, அதாவது ஆவணங்களின் அட்டவணை. எண், கேட்ட ஆவணம், கோப்பின் பெயர், நிலை என நான்கு பத்திகள் போதும். கிடைக்காத ஆவணத்தின் வரியை அழிக்காதீர்கள். "வங்கிக் கடிதம் கேட்டுள்ளோம்" என்று திகதியோடு எழுதுங்கள்.