ஃபிரேம் தூணுக்கு K கண்டுபிடிப்பது: எந்த பீமைக் கணக்கில் சேர்ப்பது?

தூணின் நீளத்தை K-ஆல் பெருக்கினால் அதன் பயனுறு நீளம் கிடைக்கும். பக்கவாட்டில் பிரேஸிங் இல்லாத, ஸ்வே ஆகக்கூடிய ஒரு ஸ்டீல் ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். தரைத்தளத் தூண் 4 மீ, அதன் மேல் தூண் 3.2 மீ. இரண்டுக்கும் ஃபிரேம் தளத்தில் I = 8000 செ.மீ⁴. நடு மூட்டில் இடப்பக்கம் 6 மீ பீம், வலப்பக்கம் 5 மீ பீம்; இரண்டுக்கும் I = 15000.

முதலில் I/L, நீளத்தை செ.மீ-இல் வைத்து. தூண்கள்: 20 + 25 = 45. பீம்கள்: 25, 30. தூண்களின் கூட்டலை பீம்களின் கூட்டலால் வகுத்தால் அந்த மூட்டின் விறைப்பு விகிதம் G = 45/55 = 0.82.

நான் முதன்முறை இதோடு நிறுத்திவிட்டேன், அது தப்பு. அப்புறம் டீட்டெய்ல் டிராயிங்கைப் பெரிதாக்கிப் பார்த்தால், வலப்பக்க பீம் வெப்பில் ஒரு தகடும் மூன்று போல்ட்டும் மட்டும்தான். மேல், கீழ் ஃபிளாஞ்சுகள் தூணைத் தொடவே இல்லை. அந்த பீம் எவ்வளவு கனமாக இருந்தாலும் மூட்டு திரும்புவதைத் தடுக்காது. அதனால் அதன் 30-ஐ முழுதாக விட்டுவிட வேண்டும்: G = 45/25 = 1.8.

அடிப்பகுதி ஹின்ஜ் என்றால் கணக்குப்படி G முடிவிலி. ஆனால் நிஜ பேஸ் பிளேட் கொஞ்சமாவது தடுக்கும் என்பதால் 10 எடுப்பது வழக்கம். உறுதியாகப் பிடித்த அடித்தளத்துக்கு 1.

சரி, இப்போது இரு முனைகளின் G-ஐ வைத்து K படிக்கும் ஸ்வே சார்ட். இடக்கோட்டில் 1.8, வலக்கோட்டில் 10. ஸ்கேல் வைத்து இணைத்தால் நடுக்கோட்டில் ஏறத்தாழ 2.1. பிரின்ட் எடுத்த சார்ட்டில் கண்ணால் படிப்பதை மட்டும் நான் நம்ப மாட்டேன். எக்செல்லில் இந்தச் சூத்திரத்தையும் போட்டுச் சரிபார்க்கிறேன்:

```
K = sqrt((1.6*GA*GB + 4*(GA+GB) + 7.5)/(GA+GB+7.5))
```

விடை 2.08. பயனுறு நீளம் 4 × 2.08 = 8.3 மீ. பழைய 0.82-ஐப் போட்டிருந்தால் K 1.87-தான் வரும். மீள்தன்மை பக்லிங் சுமை K²-க்கு எதிர்விகிதம், ஆகவே அந்த ஒரு பீமால் தாங்குதிறனை சுமார் 24 சதவீதம் கூடுதலாகக் காட்டியிருப்பேன்.

ஸ்வே சார்ட்டில் K ஒருபோதும் 1-க்குக் கீழே வராது. 0.9 போல வந்தால் பக்கத்தில் இருக்கும் பிரேஸ்டு சார்ட்டைப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதே G-களுக்கு அது அப்படித்தான் தரும்.

பிற்சேர்க்கை: ஹின்ஜ் பீமின் மறுமுனையில் இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்போது பீமை விட்டுவிடக் கூடாது. ஸ்வே ஃபிரேமில் அதன் விறைப்பில் பாதியை எடுக்க வேண்டும்: 25 + 15 = 40, G = 1.13, K = 1.94.

இன்னொருவர் இந்திய ஸ்டீல் கட்டமைப்பு விதிநூலான IS 800:2007-இன் வரைபடத்தில் 1.8-ஐத் தேடியிருக்கிறார். அங்கே இருப்பது G இல்லை, β. தூண்களின் கூட்டலைத் தூண், பீம் இரண்டின் மொத்தக் கூட்டலால் வகுப்பார்கள், அதனால் அது 1-ஐத் தாண்டாது. நம் மூட்டுக்கு 45/70, அதாவது 0.64.