எத்தனை சிங்குலர் மதிப்பு வைத்துக்கொள்வது? 99 சதவீதத்தை நம்பி நான் கெட்ட கதை

படத்தை அணியாக எடுத்து, எஸ்விடி போட்டு, அதாவது அதை மூன்று அணிகளின் பெருக்கலாகப் பிரித்து, பெரிய சிங்குலர் மதிப்புகள் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பக் கட்டும் பயிற்சியைப் புதிதாக வருகிற எல்லோரும் செய்கிறார்கள். செய்துவிட்டு, நான் செய்த அதே தப்பைச் செய்கிறார்கள். NumPy தரும் `Vt` ஏற்கெனவே திருப்பிப்போட்டுத்தான் வருகிறது என்பது மாதிரியான விஷயங்களை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை மறந்தால் படமே வராது, நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். படம் வந்த மாதிரி இருந்து ஏமாற்றுகிற தப்புகள்தான் வேண்டாத வேலை வைக்கும்.

## "99% ஆற்றல் போதும்" என்று k-ஐத் தேர்ந்தெடுப்பது

என் தாத்தாவின் மளிகைக்கடைக் கணக்கு நோட்டைப் பெரியப்பாவிடம் கடன் வாங்கி ஸ்கேன் செய்தேன். 140 பக்கம், ஒவ்வொன்றும் 1000 நிரை, 800 நிரல், கறுப்பு வெள்ளை. விதி எளிதாகத்தான் இருந்தது: சிங்குலர் மதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போ, மொத்தத்தில் 99% வந்ததும் நிறுத்து, அதுவரை எடுத்த எண்ணிக்கைதான் k. அட்டைப் படத்தில் போட்டுப் பார்த்தேன், அருமையாக இருந்தது. இரவோடிரவாக எல்லாப் பக்கத்துக்கும் ஓட்டிவிட்டு, டிஸ்கில் இடமில்லை என்று மூலப் படங்களை அழித்தேன். நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால், உள்பக்கங்களில் 3 எது, 8 எது என்றே தெரியவில்லை. அதற்குள் நோட்டைக் கரையான் அரித்திருந்தது. இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது.

நடந்தது இதுதான். பிக்சல் மதிப்பு 0 முதல் 255 வரை, எதிர்மறையே கிடையாது. எழுதிய பக்கத்தில் பெரும்பகுதி வெள்ளைத் தாள். என் உள்பக்கம் ஒன்றின் சராசரி 230, திட்ட விலக்கம் 40 என்று வையுங்கள். ஆற்றல் என்பது சிங்குலர் மதிப்புகளின் வர்க்கக் கூட்டுத்தொகை, பிக்சல்களின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதே எண்தான் வரும். ஆகவே ஒரு பிக்சலுக்கான ஆற்றல் 230² + 40², அதாவது 52900 + 1600 = 54500. இதில் 52900 வெறும் சராசரியின் பங்கு. எல்லா இடத்திலும் 230 இருக்கிற அணியின் தரம், அதாவது ரேங்க், 1 தான். ஆகவே முதல் சிங்குலர் மதிப்பு ஒன்றே குறைந்தது 97% ஆற்றலை வாங்கிக்கொண்டுவிடும். அதாவது "95% போதும்" என்று சொன்னால் k = 1 என்று பதில் வரும். அந்தப் படத்தில் எழுத்தே இருக்காது, வரி இருந்த இடத்தில் மங்கலாக ஒரு சாம்பல் பட்டை தெரியும், அவ்வளவுதான்.

சரி, 99%? மீதி 1% என்பது 545. அதன் வர்க்கமூலம் சுமார் 23. பிக்சலுக்கு 23 சாம்பல் படி பிழையை நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிழை பக்கம் முழுக்கச் சமமாகப் பரவுவதும் இல்லை, பெரும்பாலும் மை இருக்கிற இடத்தில்தான் விழும். மை பக்கத்தில் 5% தான். பிழை மொத்தமும் அங்கேயே விழுந்தால் ஒரு மைப் பிக்சலுக்குச் சுமார் 100 படி. தாளுக்கும் மைக்கும் இடையே இருந்த வித்தியாசமே 180 தான்.

அட்டை ஏன் நன்றாக வந்தது? அது கரும்பச்சை. சராசரி 60, திட்ட விலக்கம் 50. ஆற்றல் 6100, அதில் 1% என்றால் 61, பிழை 8 படிகூட இல்லை. அதே 99%, ஒரு பக்கத்தில் 8, இன்னொன்றில் 23. சதவீதம் எதைப் பொறுத்த சதவீதம் என்று நான் கேட்கவே இல்லை.

சராசரியைக் கழித்துவிட்டு எஸ்விடி போட்டிருந்தால் உள்பக்கத்தின் மொத்த ஆற்றல் 1600 ஆகியிருக்கும். அதில் 1% என்றால் 16, பிழை 4 படி. இதுவும் ஒரு வழிதான். ஆனால் இப்போது நான் சதவீதத்தையே தொடுவதில்லை. முதல் k மதிப்புகளை வைத்துக் கட்டும் படம்தான் அந்தத் தரத்தில் கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய படம் என்று எக்கார்ட்டும் யங்கும் 1936-இலேயே காட்டிவிட்டார்கள் (வெளியானது உளவியல் அளவீட்டுக்கான ஒரு இதழில்!). அதன் பிழையோ, விட்டுவிட்ட மதிப்புகளின் வர்க்கக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம். படத்தைக் கட்டிப் பார்க்காமலேயே பிழையைப் பிக்சல் கணக்கில் சொல்லிவிடலாம்:

```python
A = img.astype(float)
U, s, Vt = np.linalg.svd(A, full_matrices=False)
tail = np.append(np.cumsum(s[::-1]**2)[::-1], 0)
rmse = np.sqrt(tail / A.size)
k = np.argmax(rmse <= 4)
```

`rmse[k]` என்பது k மதிப்புகளை வைத்துக்கொண்டால் வரும் சராசரிப் பிழை. சராசரியைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் 4 படி என்றால் 4 படிதான். மை மட்டும் 5% இருக்கிற பக்கத்தில், அது மொத்தமும் மையில் விழுந்தாலும் 18 படி, எழுத்து தப்பிக்கும். 4 என்பது சட்டமல்ல. உங்கள் பக்கத்தில் இருப்பதிலேயே பொடி எழுத்து உள்ள இடத்தை வெட்டி, இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

## வர்க்கப்படுத்தாமல் கூட்டுவது

`np.cumsum(s)/np.sum(s)` ஆற்றல் அல்ல.

## வளைவில் முழங்கையைத் தேடுவது

சிங்குலர் மதிப்புகளை வரைந்தால் வளைவு சட்டென்று மடங்கும் இடம்தான் முழங்கை. சாதாரணப் புகைப்படத்தில் அது இருக்காது. மதிப்புகள் மெல்ல மெல்ல இறங்கும். முதல் மதிப்புக்கு அடுத்து தெரிகிற அந்தப் பெரிய மடிப்பு, மேலே சொன்ன சராசரிதான்.

## சாய்ந்த ஸ்கேனை அப்படியே போடுவது

கிடைமட்டமாக ஒரு கோடு போட்ட படத்தின் தரம் 1. 0, 1 மட்டும் உள்ள சதுரப் படத்தில் அதே கோடு மூலைக்கு மூலை போனால் அது அலகு அணி: சிங்குலர் மதிப்புகள் எல்லாமே 1, எதையும் விட முடியாது. எஸ்விடிக்கு நிரையும் நிரலும்தான் தெரியும், சாய்வு தெரியாது. 800 பிக்சல் அகலத்தில் 1 பாகை சாய்ந்தாலே கோடு 14 பிக்சல் இறங்கிவிடும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இது நேரடியாக அடிக்கும். நேராக இருந்தால் சில மதிப்புகளிலேயே முடிந்துபோகிற கோடுகள், சாய்ந்ததும் எழுத்துக்கு வேண்டிய இடத்தையெல்லாம் தின்றுவிடும். முதலில் நேராக்குங்கள், அப்புறம் எஸ்விடி.

## சேமிப்பைக் கணக்குப் போடாமல் விடுவது

k மதிப்புகளுக்கு k × (1000 + 800 + 1) எண்கள் வேண்டும். படத்தில் இருப்பது 8,00,000 எண்கள். ஆக k 444-ஐத் தாண்டினால் எண்ணிக்கையிலேயே நஷ்டம். இதைப் பலர் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் மூலப் பிக்சல் ஒன்றுக்கு ஒரு பைட், `float64` எண் ஒன்றுக்கு எட்டு பைட். அப்படியே கோப்பில் போட்டால் எல்லை 444 அல்ல, 55. `float32` என்றால் 111. எழுதிய பக்கம் தெளிவாக வருவதற்கு முன்பே இந்த எல்லையைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். நான் இடம் மிச்சம் பிடிக்கத்தான் மூலத்தை அழித்தேன். பல பக்கங்களின் கோப்பு மூலத்தைவிடப் பெரிதாக இருந்ததை அழித்த பிறகுதான் பார்த்தேன்.

## `np.clip(B, 0, 255)` போடாமல் `uint8` ஆக்குவது

`B` என்பது திரும்பக் கட்டிய படம். வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள் தெறித்தால் காரணம் இதுதான், k அல்ல.