பிரவுசரில் 1300, ஆப்பில் 2300: ஒரே லைனில் ஏன் இரண்டு வேகம்?

100 எம்பிபிஎஸ் இணைப்பின் வேகத்தை எதில் சோதித்தாலும் பெரும்பாலும் ஒரே எண்தான் வரும். ஒரு ஜிகாபிட்டைத் தாண்டியதும்தான் பிரவுசரும் ஆப்பும் வேறு வேறு கணக்குச் சொல்லத் தொடங்குகின்றன. உங்களுடையது 2.5 ஜிகாபிட் இணைப்பு, பிரவுசர் 1300 எம்பிபிஎஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைய நிறுவனத்திடம் புகார் செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள் போடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் Link speed என்ற வரி இருக்கும். அதில் 2500 என்று இருக்க வேண்டும். 1000 என்று இருந்தால் எந்தச் சோதனையிலும் சுமார் 940-க்கு மேல் வராது. மீதி, ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேர்ந்து போகும் முகவரித் தகவல்களுக்கே செலவாகிவிடும். 100 என்றால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு. விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்துங்கள்.

அடுத்து குரோமில் speedtest.net திறந்து, Shift+Esc அழுத்துங்கள். குரோமின் டாஸ்க் மேனேஜர் வரும். சோதனை ஓடும்போது, அந்த டேப், Network Service என்ற இரண்டு வரிகளிலும் CPU எண்ணைக் கவனியுங்கள். ஏதாவது ஒன்றில் 100-ஐ ஒட்டி நின்றால் ஒரு கோர் முழுவதும் அந்த வேலைக்கே போகிறது என்று அர்த்தம். வேகத்தைத் தடுப்பது லைன் அல்ல, உங்கள் கணினி.

ஏன் இப்படி? வரும் தரவை ஒரு ப்ராசஸ் வாங்கிக் குறியாக்கத்தைப் பிரிக்கிறது, பிறகு பாதுகாப்புக்காகத் தனியே அடைத்து வைத்திருக்கும் டேப்புக்கு அனுப்புகிறது, அங்கே ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுகிறது. விளம்பரத் தடுப்பான் போன்ற எக்ஸ்டென்ஷன்களும் இடையில் புகுந்து பார்க்கலாம். ஆப்புக்கு இந்தச் சுற்று இல்லை. சாக்கெட்டிலிருந்து நேராகப் படித்து எண்ணிவிடும். எக்ஸ்டென்ஷனின் பங்கு எவ்வளவு என்று தெரிய, அவை வழக்கமாக இயங்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒருமுறை ஓட்டுங்கள்.

இப்போது ஆப். speedtest.net-ஐ நடத்தும் ஊக்லாவின் கட்டளைவரி நிரலை நிறுவிவிட்டு:

```
speedtest -L
speedtest -s 12345
```

முதல் கட்டளை அருகிலுள்ள சர்வர்களைப் பட்டியலிடும். 12345 உள்ள இடத்தில், பிரவுசரில் பயன்படுத்திய அதே சர்வரின் எண்ணைப் போடுங்கள். இது மிக முக்கியம். சர்வர் மாறினால் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ஆப் 2300-ஐத் தொட்டால் லைன் சரியாக இருக்கிறது, 1300 என்பது பிரவுசரின் எல்லை. ஆப்பும் 1300-லேயே நின்றால் வேறு இரண்டு சர்வர்களில் ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் சில சர்வர்களின் சொந்த இணைப்பே ஒரு ஜிகாபிட்தான் இருக்கும். எல்லாவற்றிலும் குறைவாகவே வந்து, கணினியின் CPU-வும் ஓய்வாக இருந்தால், அந்த முடிவுகளோடு தாராளமாகப் புகார் செய்யலாம்.